20 நொடி, 18 கட்: வேகமான காட்சிக்கு மூச்சு வாங்காத வாய்ஸ் ஓவர் எழுதுவது எப்படி?

ஈரோட்டு ஃப்ரேம்

வணக்கம். சின்ன விளம்பர வீடியோக்கள் எடுக்கிறேன். இப்போது கையில் இருப்பது மரச்செக்கு நல்லெண்ணெய்க்கு ஒரு 20 நொடி விளம்பரம். நொடிக்கு 25 ஃப்ரேம், மொத்தம் 18 ஷாட். முதல் 6 நொடியில் மட்டும் 9 ஷாட் ஓடுகிறது: களத்தில் எள், கை அள்ளுவது, சல்லடை, தூசு பறப்பது, செக்கு, உலக்கை, எள் விழுவது, கருப்பட்டி உடைப்பது, செக்கு சுற்றுவது. அடுத்த 7 நொடியில் 6 ஷாட்: எண்ணெயின் முதல் துளி, வடிவது, பிண்ணாக்கு, வெயிலில் பாத்திரம், பாட்டிலில் ஊற்றுவது, மூடி. பிறகு சாப்பாட்டு ஷாட் இரண்டு. கடைசி ஒன்றரை நொடி லோகோ. இசைக்கு வெட்டியாகிவிட்டது. எடிட் நன்றாக வந்திருக்கிறது, அதை மாற்ற மனமில்லை.

நான் எழுதிய வரி:

"தேர்ந்தெடுத்த தரமான எள்ளை வெயிலில் நன்றாக உலர்த்தி, தூசும் கல்லும் இல்லாமல் சலித்து, வாகை மரச்செக்கில் போட்டு, அளவாகக் கருப்பட்டி சேர்த்து, சூடாகாமல் மெதுவாக ஆட்டி எடுத்து, இரண்டு நாள் வெயிலில் தெளியவைத்து, கலப்படமே இல்லாமல் உங்கள் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறோம். ஒரு லிட்டர் நானூற்று எழுபத்தைந்து ரூபாய் மட்டுமே. இன்றே அழையுங்கள்."

மொத்தம் 38 சொல். நிமிடத்துக்கு 150 சொல் என்று எல்லா இடத்திலும் சொல்கிறார்கள். அப்படிப் பார்த்தால் 20 நொடிக்கு 50 சொல் கொள்ள வேண்டும். ஆனால் குரல் கொடுத்தவர் இயல்பாகப் படித்தால் 25 நொடி தாண்டுகிறது. வேகமாகப் படிக்கச் சொன்னேன், 20-க்குள் வந்தது. கடைக்காரர் கேட்டுவிட்டு, "ஏன் தம்பி, பஸ்ஸப் புடிக்க ஓடற மாதிரி பேசறாங்க?" என்கிறார். எங்கே சிக்கல்?

மைக் ராஜா

மைக்குக்கு ரொம்பப் பக்கத்தில் பேசினால் மூச்சு அப்படித்தான் விழும் நண்பா. ஒரு சாண் தள்ளி, வாய்க்கு நேராக இல்லாமல் கொஞ்சம் சாய்வாக வையுங்கள். பாப் ஃபில்டர் இருக்கிறதா? நாய்ஸ் கேட் போட்டாலும் மூச்சுச் சத்தம் அடங்கிவிடும். எந்த மைக் என்று சொன்னால் செட்டிங் தருகிறேன்.

ஈரோட்டு ஃப்ரேம்

ராஜாண்ணா, மூச்சுச் சத்தம் கேட்கவில்லை. பதிவு சுத்தமாகத்தான் இருக்கிறது. பேச்சுதான் ஓடுகிறது.

கட்டர் கதிர்

இதற்கா இவ்வளவு யோசனை? முதலில் வரிகளுக்கு நடுவே இருக்கும் மூச்சையெல்லாம் வெட்டி எடு. அதிலேயே இரண்டு நொடி மிச்சம். பிறகு 108 சதவீதம் வேகம், பிட்ச் மாறாமல். முடிந்தது. ஆனால் ஒன்று: 18 ஷாட்டுக்கும் ஆளுக்கொரு சொல் விழுந்தாக வேண்டும். சல்லடை தெரியும்போது "சலித்து", செக்கு தெரியும்போது "செக்கில்". கட்டும் சொல்லும் ஒன்றாக அடித்தால்தான் வேகம் வேலை செய்யும். உன் வரி அந்த விதத்தில் சரியாகத்தான் இருக்கிறது.

குரல் சுமதி

கதிர் தம்பி, மூச்சை வெட்டாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

நான் டப்பிங், விளம்பரம் இரண்டும் செய்கிறவள். நான் மூச்சு எடுக்கும் இடம் கேட்பவருக்கும் ஓய்வு. அதை நீங்கள் அழித்துவிட்டு வாக்கியங்களை ஒட்டினால், என் மூச்சுச் சத்தம் போய்விடும், கேட்கிறவருக்கு மூச்சு முட்டும். சில எடிட் முடிந்து வரும்போது என் குரலையே கேட்க எனக்கு நெஞ்சடைக்கும். மூச்சுச் சத்தம் உறுத்தினால் அதன் அளவைக் குறையுங்கள், நீளத்தைக் குறைக்காதீர்கள்.

ஃப்ரேம் தம்பிக்கு: உங்கள் வரியைச் சத்தமாகப் படித்துப் பார்த்தேன். வேகத்தை விடுங்கள், மெதுவாகப் படித்தாலும் எனக்கு ஓடுவது போலத்தான் இருக்கிறது. உலர்த்தி, சலித்து, போட்டு, சேர்த்து, எடுத்து, தெளியவைத்து... ஒவ்வொன்றிலும் குரலை மேலே தூக்கி நிறுத்தியே வைக்க வேண்டியிருக்கிறது. "தருகிறோம்" வரும்வரை இறக்க இடமே இல்லை. காற்புள்ளியில் மூச்சு எடுக்கலாம்தான், ஆனால் அது திருட்டு மூச்சு. அரை மூச்சு. முழு மூச்சு எடுக்கக் குரல் ஒரு தடவை தரையில் இறங்க வேண்டும்.

பழைய அறிவிப்பாளர்

சுமதி அம்மா சொன்னதுதான் இந்த வரியின் நோய். நான் அதன் கணக்கைச் சொல்கிறேன்.

முதலில் சொல் எண்ணிக்கையை மறந்துவிடுங்கள். நிமிடத்துக்கு 150 என்பது ஆங்கிலத்துக்கு. அங்கே சின்னச் சின்னச் சொற்கள். நம்மிடம் "தெளியவைத்து" ஒரு சொல், "மரச்செக்கில்" ஒரு சொல். நான் வானொலியில் இருந்த காலம் முதல் செய்வது, புள்ளி வைத்த எழுத்தை விட்டுவிட்டு மற்ற எழுத்தை எண்ணுவது. "எள்ளை" என்றால் எ, ளை, இரண்டு. "மரச்செக்கில்" என்றால் ம, ர, செ, கி, நான்கு. வாய் எத்தனை முறை திறக்கிறதோ அத்தனை.

நிதானமான விளம்பரக் குரலுக்கு நொடிக்கு ஐந்து முதல் ஆறு வரை என்பது என் அளவு. ஏழில் அவசரம் தெரியும். எட்டில், மியூச்சுவல் ஃபண்ட் விளம்பரத்தின் கடைசியில் முன்பெல்லாம் எச்சரிக்கையை ஓட்டமாகப் படிப்பார்களே, அது.

உங்கள் வரியை எண்ணிப் பாருங்கள், 116 வருகிறது. இருபதால் வகுத்தால் நொடிக்கு 5.8, சரிதானே என்று தோன்றும். ஆனால் இருபது நொடியும் பேச்சுக்குக் கிடையாது. தொடக்கத்தில் அரை நொடி விட வேண்டும். கடைசி ஒன்றரை நொடி லோகோ. மீதி 18. அதில் நிறுத்தங்களுக்கு மூன்றரை நொடியாவது வேண்டும். ஆக, வாய் அசைய இருப்பது பதினான்கரை நொடிதான். அதற்குள் 116 என்றால் நொடிக்கு எட்டு. உங்கள் குரல்காரர் பாவம்.

பதினான்கரையை ஐந்தரையால் பெருக்கினால் 80. இதுதான் உங்கள் உச்ச வரம்பு. நான் எழுதினால் 70-க்குள் நிறுத்துவேன்.

இது பாதிதான். அந்த முதல் வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மட்டும் 93 எழுத்து. நடுவில் நிற்காமல் படித்தாலே 17 நொடி. தமிழில் வினை கடைசியில் வருகிறது. உலர்த்தி, சலித்து என்று எச்சமாக அடுக்கினால் கேட்பவர் ஒவ்வொன்றையும் கையில் பிடித்துக்கொண்டு முற்றுக்காகக் காத்திருப்பார். எழுத்தில் படிக்கும்போது இது தெரியாது, கண் முன்னே ஓடி "தருகிறோம்" என்பதைப் பார்த்துவிடும். காதுக்கு அந்த வசதி இல்லை. படமும் அரை நொடிக்கு ஒருமுறை மாறி, வாக்கியமும் முடியாமல் தொங்கினால் மூச்சு வாங்கத்தான் செய்யும். இதே வரியை 30 நொடி கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள், அப்போதும் கொஞ்சம் ஓடும்.

கட்டர் கதிர்

சார், எண்ணிக்கை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எச்சமாக அடுக்கினால்தான் ஒரு ஓட்டம் வரும். துண்டு துண்டாக முற்று வைத்தால் பாடப்புத்தகம் மாதிரி ஆகிவிடாதா? "எள் காய்கிறது. எள் சலிக்கப்படுகிறது. எள் ஆட்டப்படுகிறது."

பழைய அறிவிப்பாளர்

அப்படி எழுதினால் ஆகும். அங்கே கோளாறு முற்றில் இல்லை, ஒவ்வொரு ஷாட்டையும் வாயால் திரும்பச் சொல்வதில் இருக்கிறது. சல்லடை கண்ணுக்குத் தெரிகிறது. "சலித்து" என்று நான் ஏன் சொல்ல வேண்டும்? ஒன்பது ஷாட்டுக்கு ஒன்பது சொல் வைத்தால், சுவரில் மாட்டிய படத்தைக் குச்சியால் தட்டி "அ... அணில்" என்று சொல்லிக் கொடுப்பது போல் ஆகிவிடும். படம் ஓடட்டும். குரல் அதன்மேல் மெதுவாகப் போகட்டும். ஐந்து ஷாட்டுக்கு ஒரு வாக்கியம் போதும், அதில் ஒரே ஒரு சொல் ஒரே ஒரு கட்டில் விழுந்தால் போதும். பார்க்கிறவர் மற்றதெல்லாம் பொருந்துவதாகத் தானே நினைத்துக்கொள்வார்.

இலக்கணக் கிறுக்கன்

ஓய்வு பெற்ற தமிழாசிரியன். வீடியோ பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் எண்ணிக்கை என்று வந்ததால் நுழைகிறேன். ஐயா புள்ளி எழுத்தை விடச் சொல்கிறார். அது பிழையான அளவு. "கருவிழி", "கருப்பட்டி" இரண்டும் அவர் கணக்கில் நான்கு. ஆனால் மாத்திரைப்படி கருவிழி நான்கு, கருப்பட்டி ஐந்து, ஏனென்றால் ப், ட் இரண்டும் ஆளுக்கு அரை. "கலப்படமே" ஆறரை. நெடிலுக்கு இரண்டு. நேரத்தை அளக்க நம்மிடம் ஏற்கெனவே அலகு இருக்கும்போது புதிதாக ஏன் ஒன்று?

பழைய அறிவிப்பாளர்

ஐயா, வல்லின ஒற்று நேரம் தின்னும் என்பது முற்றிலும் சரி. க்க, ட்ட, ப்ப, ற்ற நிறைந்த வரி எழுத்தெண்ணிக்கையில் அடங்கினாலும் பேசும்போது நீளும். அந்த இடத்தில் வாய் ஒரு கணம் மூடி நிற்கிறது. அதனால்தான் வரம்பு 80 என்றாலும் 70-இல் நிறுத்துகிறேன்.

நெடிலில்தான் எனக்கு ஒத்துவரவில்லை. இன்றைய பேச்சில் நெடில் எப்போதும் குறிலைப்போல் சரியாக இரண்டு மடங்கு ஒலிப்பதில்லை. சொல் தொடக்கத்தில் கொஞ்சம் நீளும், நடுவில் வந்தால் சுருங்கும், வேகம் கூடினால் நெடில்தான் முதலில் அடிவாங்கும். மாத்திரை போட்டுப் பார்த்தால் "தருகிறோம்" ஐந்தரை, "கருப்பட்டி" ஐந்து. ஆனால் டைம்லைனில் வைத்து அளந்தால் கருப்பட்டிதான் பெரும்பாலும் நீளமாக வருகிறது. செய்யுளுக்கான அளவைச் செய்யுளுக்கே வைத்துக்கொள்வோமே.

இலக்கணக் கிறுக்கன்

நீங்கள் அளந்தது ஒருவர் குரலாக இருக்கும். ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆனாலும் தொடருங்கள்.

மதுரை அடுக்களை

நான் சமையல் வீடியோ போடுகிறவள். நான் செய்வது நேர் எதிர். முதலில் குரலைப் பதிவு செய்துவிடுவேன், பிறகு அதற்கு ஏற்றபடி ஷாட் வெட்டுவேன். இந்தத் தொல்லையே வந்ததில்லை. நீங்கள் ஏன் அப்படிச் செய்யக் கூடாது?

ஈரோட்டு ஃப்ரேம்

அக்கா, உங்களுக்கு வீடியோ எட்டு நிமிடம் ஓடலாம், பத்தும் ஓடலாம். எனக்கு 20 நொடி கல்லில் எழுதியது. அதோடு இசைக்கு வெட்டியிருக்கிறேன், தாளம் மாறினால் எல்லாம் போய்விடும்.

குரல் சுமதி

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு. வெட்டத் தொடங்கும் முன்பே நீங்களே போனில் வரியைப் பேசிப் பதிவு செய்து டைம்லைனில் போட்டுவிடுங்கள். பைலட் ட்ராக். கேவலமாக இருந்தாலும் பரவாயில்லை. அதைக் கேட்டுக்கொண்டே வெட்டினால் எங்கே குரலுக்கு இடம் வேண்டும் என்று கைக்கே தெரியும். மனசுக்குள் படித்துப் பார்த்து "சரியா இருக்கு" என்று அனுப்புகிறவர்கள்தான் எங்களை ஓட வைக்கிறவர்கள். மனசுக்குள் படிக்கும் வேகம் வேறு, வாய் வேகம் வேறு. ஆனால் பைலட்டில் நீங்கள் உற்சாகத்தில் வேகமாகப் பேசிவிட்டு அதே நீளத்தை என்னிடம் எதிர்பார்த்தால் மறுபடி அதே கதைதான்.

பழைய அறிவிப்பாளர்

சரி, ஃப்ரேம் தம்பியின் எடிட்டில் ஒரு ஃப்ரேம்கூட மாற்றாமல் எழுதிப் பார்க்கிறேன்.

முதல் 6 நொடி, 150 ஃப்ரேம், 9 ஷாட். சராசரியாக ஒன்றுக்குப் பதினாறு பதினேழு ஃப்ரேம். இந்த நேரத்துக்குள் ஒரு சொல்லைச் சொல்லலாம், ஆனால் சொல்லி அது மனதில் இறங்க நேரமில்லை. அதனால் இங்கே குரல் குறைவாக இருக்க வேண்டும். எல்லோரும் எதிர்மாறாகச் செய்வார்கள், கட் அதிகம் என்றால் சொல்லும் அதிகம் என்று. படம் ஓடும் இடத்தில் குரல் ஒதுங்கட்டும், படம் நிற்கும் இடத்தில் பேசட்டும்.

0.6 நொடியில் தொடங்குகிறேன்: "எள்ளு நம்ம களத்துல காயுது." 11 எழுத்து, இரண்டு நொடி. இது முதல் மூன்று நான்கு ஷாட்டுகளின்மேல் அப்படியே போகும். சல்லடை ஷாட் வரும்போது "காயுது" ஓடிக்கொண்டிருக்கும், ஒருவரும் கவலைப்பட மாட்டார்கள்.

பிறகு இரண்டு நொடிக்கு மேல் குரல் இல்லை. இசையும் செக்கு முனகும் சத்தமும்தான். அந்தச் சத்தம் உங்களிடம் இருந்தால் தனியாக ஏற்றுங்கள்.

எட்டாவது ஷாட், கருப்பட்டி உடைவது, சுமார் 4.7 நொடியில் வருகிறது. அங்கே: "கருப்பட்டி சேருது." 7 எழுத்து. இந்த வீடியோவில் சொல்லும் கட்டும் சேர்ந்து அடிக்கும் இடம் இது ஒன்றுதான். ஏன் இதைத் தேர்ந்தேன் என்றால், எள்ளும் செக்கும் பார்த்தவுடன் புரியும். கருப்பட்டி எதற்கு என்று பார்க்கிறவருக்குக் கேள்வி வரும். குரல் உதவ வேண்டிய ஷாட் அதுதான். கட் விழுந்த அதே ஃப்ரேமில் சொல்லைத் தொடங்காதீர்கள். நான்கைந்து ஃப்ரேம் கழித்துத் தொடங்குங்கள். கண் புதிய படத்தைப் பிடிக்கட்டும், பிறகு பெயர் வரட்டும்.

வரி முடியும்போது 6 நொடி, முதல் துளி. அங்கே ஒரு நொடி முழு அமைதி. இந்த எண்ணெய்க்காரர் காசு கொடுப்பதே இந்தத் துளிக்காகத்தான், அதன்மேல் பேசாதீர்கள்.

7.2-இல்: "அவசரம் இல்லாம, செக்கு சுத்துற வேகத்துல வர்ற எண்ணெய்." 20 எழுத்து, மூன்றே முக்கால் நொடி. இங்கே ஒரு சின்ன வேலை இருக்கிறது. "வருகிறது" என்று வினையில் முடிக்காமல் "எண்ணெய்" என்ற பெயரில் முடித்திருக்கிறேன். குரல் அந்தப் பெயரில் நன்றாக இறங்கி உட்காரும். சுமதி அம்மா கேட்ட தரை அதுதான்.

11.2-இல்: "ரெண்டு நாள் வெயில்ல தெளிஞ்சது." 10 எழுத்து. வெயிலில் வைத்த பாத்திரம் இதற்குக் கொஞ்சம் முன்பே வந்து போயிருக்கலாம், பாட்டில் ஷாட்டின்மேல் இது விழலாம். விழட்டும். நினைவில் இருக்கும் படத்தைக் குரல் தொட்டுவிட்டுப் போனாலும் பொருந்தும்.

13.5-இல், படம் ஓய்ந்த பிறகு: "இட்லிப் பொடிக்கு நடுவுல ஒரு குழி. அதுல இந்த எண்ணெய்." 20 எழுத்து, நடுவில் அரை நொடி. 17.7-க்குள் முடியும். பிறகு கடையின் பெயர் மட்டும்.

பெயரை விட்டால் மொத்தம் 68. வாய் அசைவது பன்னிரண்டரை நொடி. விலை, போன் நம்பர் இரண்டும் திரையில் எழுத்தாக.

கட்டர் கதிர்

நன்றாகத்தான் இருக்கிறது சார், மறுக்கவில்லை. ஆனால் அந்த நான்கைந்து ஃப்ரேம் தாமதம் எனக்கு உறுத்துகிறது. நான் எப்போதும் குரலைக் கட்டுக்கு முன்னால் தொடங்குவேன். "கருப்..." முந்தைய ஷாட்டிலேயே ஆரம்பித்து, "...பட்டி"யில் கட் விழும். குரல் படத்தை இழுத்துக்கொண்டு வரும். நீங்கள் சொல்கிறபடி வைத்தால் குரல் படத்தின் பின்னால் நடக்கிறது, எடிட் சோம்பலாகத் தெரியும்.

பழைய அறிவிப்பாளர்

நீளமான ஷாட்டுகளில் நீங்கள் சொல்வது அழகாக இருக்கும். பேட்டி, ஆவணப்படம் எல்லாவற்றிலும் அப்படித்தான் செய்வார்கள். இங்கே முந்தைய ஷாட் பதினாறு ஃப்ரேம்தான், எள் விழுகிறது. அதன்மேல் "கருப்..." என்றால் எள்ளைக் கருப்பு என்கிறார்கள் என்று அரை நொடிக்குத் தோன்றிவிடும். எள்ளும் கருப்புதானே!

குரல் சுமதி

ஹா ஹா, இதை நான் யோசிக்கவே இல்லை. ஆனால் கதிர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. கட்டுக்கு முன்னால் தொடங்கினால் குரல் தன்னம்பிக்கையோடு ஒலிக்கும். பின்னால் வந்தால் சில சமயம் விளக்கம் சொல்வது போல் ஆகும். இரண்டையும் வைத்துப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

மைக் ராஜா

முதலில் கேள்வியைத் தப்பாகப் புரிந்துகொண்டேன், மன்னிக்கவும். வேகம் கூட்டுவது பற்றி ஒன்று மட்டும்: 108 எல்லாம் வேண்டாம் கதிர். மூன்று நான்கு சதவீதம் வரை பெரும்பாலோர் காதுக்குத் தெரியாது. அதற்கு மேல் போனால் நம் ட்ட, க்க எல்லாம் கடித்துத் துப்பியது போல ஆகும், "கருப்பட்டி" "கருபடி" ஆகிவிடும். ஒரு வரி ஐந்து ஃப்ரேம் நீண்டால் சரிக்கட்ட இது உதவும். ஐந்து நொடியைச் சரிக்கட்ட உதவாது.

ஈரோட்டு ஃப்ரேம்

பைலட் போட்டுப் பார்த்துவிட்டேன். எடிட்டில் கை வைக்கவில்லை. அதே 18 கட் முன்பைவிட மெதுவாக ஓடுவது போலத் தெரிகிறது, எனக்கே நம்ப முடியவில்லை. 2.6-லிருந்து 4.8 வரை குரல் இல்லாத இடம் பயமாக இருந்தது, காலியாகத் தெரியும் என்று. செக்குச் சத்தத்தை ஏற்றியதும் சரியாகிவிட்டது.

கடைக்காரரிடம் காட்டினேன். அவருக்கு இரண்டு குறை. ஒன்று, "விலையை வாயால சொல்லணும், எழுத்தை யாரு படிக்கறாங்க." இரண்டு, "நல்ல தமிழ்ல இருக்கணும், இது வீட்ல பேசற மாதிரி இருக்குது." பேச்சுத் தமிழை விட்டு எழுத்துத் தமிழுக்குப் போனால் நீளம் கூடிவிடுமே?

யாழ் ஒலி

எழுத்துத் தமிழ் நீளம் எண்டு எல்லாரும் நினைக்கினம், எண்ணிப் பாக்கிறதில்லை. நான் எண்ணினன். "எள்ளு நம்ம களத்துல காயுது" 11. "எள் நம் களத்தில் காய்கிறது" 9 தான். உங்கட பேச்சில "களத்துல" நாலு, எழுத்தில "களத்தில்" மூண்டு. "வேகத்துல", "நடுவுல", "அதுல" எல்லாம் அப்பிடித்தான். பெரும்பாலும் கூடுறது "கிற" வாற இடத்திலதான்: காய்கிறது, சேர்கிறது. அதையும் "சுற்றும்", "வரும்" எண்டு போட்டால் குறையும். "அவசரமில்லாமல், செக்கு சுற்றும் வேகத்தில் வரும் எண்ணெய்" 18, உங்கட வரி 20.

ஐயா எழுதின அஞ்சு வரியையும் அப்பிடி மாத்தினால் 68 எழுத்து 64 ஆகுது. ஆனா ஒண்டு, "காய்கிறது" எண்டு சொல்லேக்க குரல் விறைச்சுப்போகும். எழுத்து குறைஞ்சும் கேக்கிறவைக்குத் தூரமாய்த் தெரியும். எண்ணெயை ஆருக்கு விக்கிறியள் எண்டதைப் பொறுத்தது. "காயுது", "நம்ம" எல்லாம் எங்கட பக்கம் விளம்பரத்தில வந்தால் தமிழ்நாட்டுச் சரக்கு எண்டு உடன தெரியும், அது நல்லதோ கெட்டதோ.

பழைய அறிவிப்பாளர்

அருமை. நான் பேச்சு வடிவம்தான் சுருக்கம் என்று எண்ணாமலேயே நம்பிக்கொண்டிருந்தேன். "சேர்கிறது" மட்டும் வேண்டாம். அந்த வரியைக் "கொஞ்சம் கருப்பட்டி" என்று வினையே இல்லாமல் விட்டால் இரண்டு தமிழுக்கும் பொதுவாகப் போகும். ஆனால் "கொஞ்சம்" முன்னால் வருவதால், கட்டுக்கு முன்பே தொடங்க வேண்டிவரும். கதிர் கேட்டது போலவே ஆகிவிடும்.

கட்டர் கதிர்

இதைத்தானே சொன்னேன்!

குரல் சுமதி

விலை பற்றி: "நானூற்று எழுபத்தைந்து ரூபாய்" 10 எழுத்து. பேச்சில் "நானூத்தி எழுபத்தஞ்சு ரூவா" என்றாலும் அதே 10. எந்தத் தமிழில் சொன்னாலும் இரண்டு நொடி. எண்ணை மட்டும் யாராலும் சுருக்க முடியாது. அதற்கு இடம் வேண்டுமென்றால் "ரெண்டு நாள் வெயில்ல தெளிஞ்சது" என்ற வரியை எடுத்துவிட்டு, பாட்டில் ஷாட்டில் "லிட்டர் நானூத்தி எழுபத்தஞ்சு" என்று வைக்கலாம். 10 எழுத்துக்கு 10 எழுத்து. ஆனால் லோகோவின்மேல் மட்டும் விலையைத் திணிக்காதீர்கள். கடைப் பெயரும் விலையும் ஒன்றரை நொடியில் சொல்லச் சொல்வார்கள், கடைசியில் மறுபடி ஓட்டம்தான். போன் நம்பரை வாயால் சொல்லச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பத்து இலக்கமும் சேர்ந்து இருபதுக்கு மேல் எழுத்து, நான்கு நொடி போய்விடும்.

மதுரை அடுக்களை

வெயில்ல தெளிஞ்ச வரியை எடுக்காதீங்க. மரச்செக்கு எண்ணெய் வாங்குற பொம்பளைங்க அதைத்தான் கேப்பாங்க. விலை போன் பண்ணினா சொல்லப்போறாரு.

ஈரோட்டு ஃப்ரேம்

கடைக்காரரிடம் இரண்டு பதிப்பாகக் காட்டப் போகிறேன். வெயில் வரியோடு ஒன்று, விலையோடு ஒன்று. சுமதி அக்கா, பதிவின்போது கேட்க ஒரு சந்தேகம்: நிறுத்தங்களோடு சேர்த்து ஒரே டேக்காக வீடியோவைப் பார்த்துக்கொண்டே பேசச் சொல்லவா, ஐந்து வரியையும் தனித்தனியாக வாங்கிக்கொண்டு நானே அடுக்கவா?

குரல் சுமதி

தனித்தனியாக வாங்குங்கள், ஆனால் முதல் டேக் மட்டும் வீடியோ ஓடவிட்டு முழுதாக. அதில் எந்த வரியில் குரல் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று தெரிந்துவிடும். பிறகு வரி வரியாக எடுக்கும்போது வீடியோவைக் காட்டாதீர்கள். படம் வேகமாக ஓடினால் எங்கள் வாயும் தானாக ஓடும், எவ்வளவு அனுபவம் இருந்தாலும்.

பழைய அறிவிப்பாளர்

இதில் மட்டும் அம்மாவோடு ஒத்துப்போக மாட்டேன். நான் படத்தைப் பார்க்காமல் பேசியதே இல்லை.